77 சதவீத வல்லாரை, 96 சதவீத நத்தை

கொரியாவிலிருந்து வரும் முகப்பூச்சுக் குப்பிகளில் பிராண்டின் பெயரைவிடப் பெரிதாக ஒரு எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் வல்லாரைச் சாறு 77 சதவீதம். பக்கத்துக் குப்பியில் நத்தை மியூசின் 96 சதவீதம். சென்னையின் பெரிய கடைகளில் தொடங்கி ஊர் மெடிக்கல் ஷாப் வரை இவை வந்துவிட்டன. எரிச்சல் தணியும், சிவப்பு மறையும், வடு மாறும், தோல் புதுப்பிக்கப்படும் என்று விளம்பரம் சொல்கிறது.

வல்லாரை நமக்குப் புதிதல்ல. துவையலுக்கு நாம் அரைக்கும் அதே கீரைதான் அந்தக் குப்பியிலும் இருக்கிறது. அழகுசாதன உலகம் அதை 'சிகா' என்றும் 'புலிப்புல்' என்றும் விற்கிறது. காயம்பட்ட புலிகள் அந்தச் செடியில் புரண்டு புண்ணை ஆற்றிக்கொண்டன என்ற கதையும் கூடவே வரும். புலிக் கதையைப் புலிகளிடமே விட்டுவிடலாம். ஆனால் வல்லாரைக்குப் பின்னால் அறிவியலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நத்தைக்குப் பின்னாலும் கொஞ்சம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்தச் சான்றுகளில் வலுவானவை பெரும்பாலும் புண்ணிலும் தீக்காயத்திலும் கிடைத்தவை. க்ரீம் விற்கப்படுவதோ புண் எதுவும் இல்லாத முகத்துக்கு.

வல்லாரையின் நவீன மருத்துவ வரலாறு மடகாஸ்கரில் தொடங்குகிறது. அந்தத் தீவில் விளைந்த வல்லாரையிலிருந்து 1940களின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஏஷியாட்டிகோசைடு என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். தொழுநோய்ப் புண்களுக்கு அதைப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு இன்னும் மூன்று பொருட்கள் அடையாளம் காணப்பட்டன: மேடகாசோசைடு, ஏஷியாட்டிக் அமிலம், மேடகாசிக் அமிலம். வல்லாரை தோலுக்கு ஏதேனும் செய்கிறது என்றால் அதைச் செய்வது முக்கியமாக இந்த நால்வர்தான். இவற்றில் ஏஷியாட்டிகோசைடு சுமார் 40 சதவீதம், இரண்டு அமிலங்களும் ஏறக்குறைய 30 சதவீதம் வீதம் என்று அளவை நிலைப்படுத்திய ஒரு தூள் உருவானது. காயங்களுக்கான மேடகாசோல் களிம்பு அதிலிருந்து பிறந்தது. கொரியாவில் டோங்குக் மருந்து நிறுவனம் அந்தக் களிம்பைப் பல பத்தாண்டுகளாக விற்கிறது. அங்கே பிள்ளைகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் வீட்டில் எடுப்பது அதைத்தான். அதே நிறுவனம் 2015இல் அழகுசாதன வரிசை ஒன்றைத் தொடங்கியது. காயக் களிம்பின் நல்ல பெயர் முக க்ரீமுக்கு இடம் மாறியதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் தேவையில்லை.

அந்தக் களிம்பில் இருந்தது நிலைப்படுத்திய தூள், அதுவும் 1 சதவீதம். 77 சதவீதம் என்று எழுதிய சீரமில் இருப்பது வேறு. அங்கே 'வல்லாரைச் சாறு' என்பது பெரும்பாலும் இலையை நீரிலோ, நீரும் கிளைக்காலும் கலந்த கரைசலிலோ ஊறவைத்து வடிகட்டிய திரவம். குப்பியில் 77 சதவீதம் அந்தத் திரவம் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் திரவத்தில் எவ்வளவு வல்லாரை ஊறியது என்று எந்தச் சட்டமும் அவர்களைக் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் உலர்ந்த வல்லாரையை ஊறவைத்ததாக வைத்துக்கொள்வோம். உலர்ந்த செடியில் அந்த நான்கு பொருட்களும் சேர்ந்து எவ்வளவு இருக்கும் என்பது ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும். தாராளமாக 5 சதவீதம் என்று கொள்வோம். அப்படியென்றால் மொத்தம் கால் கிராம். அது முழுவதும் நீரில் இறங்கிவிட்டது என்றும் ஒப்புக்கொள்வோம். உண்மையில் இரண்டு அமிலங்களும் நீரில் கரையவே தயங்குபவை. கால் கிராம் ஒரு லிட்டரில் என்றால் 0.025 சதவீதம். அதில் 77 பங்கு எடுத்தால் 0.02 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. களிம்பில் இருந்ததில் ஐம்பதில் ஒரு பங்கு. என் 5 கிராம் ஒரு ஊகம்தான். ஒரு நிறுவனம் 50 கிராம் போட்டிருக்கலாம், இன்னொன்று அரை கிராம் போட்டிருக்கலாம். முன்பக்கத்து எண் இரண்டுக்கும் ஒன்றேதான், அதனால் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பெட்டியின் பின்பக்கம் இதைவிட உதவும். மூலப்பொருட்களை அளவு அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். 1 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் வரிசை அவர்கள் விருப்பம். அந்தப் பட்டியலில் மேடகாசோசைடு, ஏஷியாட்டிகோசைடு, ஏஷியாட்டிக் அமிலம் என்ற பெயர்கள் தனியாக இருந்தால், பிரித்தெடுத்த பொருளையே சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அளவையும் சொன்னால் இன்னும் நல்லது. கடைசி வரியில் இருக்கும் 0.1 சதவீத மேடகாசோசைடு, முதல் வரியில் இருக்கும் 77 சதவீதச் சாற்றைவிடப் பல மடங்கு வல்லாரையாக இருக்கக்கூடும். விளம்பரக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் 0.1 என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டால் யார் வாங்குவார்கள்?

அளவு சரியாக இருந்தாலும் அடுத்த தடை தோலே. நம் தோலின் மேலடுக்கு செத்த செல்களும் கொழுப்பும் சேர்ந்த சுவர். மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு மேல் போனால் அந்தச் சுவரைக் கடப்பது கடினம் என்று 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்து தோல் மருத்துவர் இருவர் ஒரு பொது விதியை முன்வைத்தார்கள். ஏஷியாட்டிகோசைடும் மேடகாசோசைடும் 950 டால்டனைத் தாண்டியவை. அமிலங்கள் இரண்டும் சரியாக வாசற்படியில், 500ஐ ஒட்டி நிற்கின்றன. புண்ணில் இந்தக் கேள்வியே எழுவதில்லை, அங்கே சுவர் இடிந்து கிடக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கும் தோல் செல்களுக்கும் சுவர் கிடையாது. மருந்துக் கரைசலிலேயே அவை குளிக்கின்றன. 'கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுகிறது' என்ற வாசகம் பெரும்பாலும் இப்படிப்பட்ட செல் சோதனையிலிருந்து எடுத்தது. அந்தச் சோதனை பொய் இல்லை. கண்ணாடித் தட்டில் நடந்தது கன்னத்திலும் நடக்கும் என்று சொல்வதற்கு அது போதாது, அவ்வளவுதான். ஒன்றை நியாயமாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். காய்ந்து வெடித்த தோலிலும், ரெட்டினால் போட்டு உரிந்த தோலிலும் சுவர் பாதி இடிந்துதான் இருக்கும். அங்கே கொஞ்சம் கூடுதலாக உள்ளே போக வாய்ப்பு உண்டு.

முழுத் தோலில், மனிதர்களிடம் நடந்த சோதனைகளே இல்லையா என்றால், இருக்கின்றன. அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஒன்று 2008இல் வெளியானது. வெயிலில் முதிர்ந்த தோலுள்ள 20 பெண்கள், 6 மாதம், யாருக்கு எது என்று தெரியாத இரட்டை மறைப்புச் சோதனை. சுருக்கமும் உறுதியும் ஈரப்பதமும் மேம்பட்டன. விளம்பரத்துக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த க்ரீமில் 0.1 சதவீத மேடகாசோசைடோடு 5 சதவீத வைட்டமின் சியும் இருந்தது. வயதான தோலில் வைட்டமின் சி தனியாகவே வேலை செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. அதனால் பலனில் எது வல்லாரைக்குச் சேரும் என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. வல்லாரைச் சாறு மட்டும் இருக்கும் சீரமை விற்பவர் அந்த ஆய்வைச் சுட்டினால், பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண் பட்டியலைத் தன் பையனுடையது என்று காட்டுவது போலத்தான்.

இனி நத்தை. இந்தத் துறையில் பயன்படுபவை முக்கியமாக ஐரோப்பியத் தோட்டத்து நத்தையும் பெரிய ஆப்பிரிக்க நத்தையும். பண்ணையில் அவற்றை வலைமேல் விட்டு, மெல்லிய எரிச்சலூட்டும் கரைசலைத் தெளித்தோ வேறு வகையில் தூண்டியோ கோழை சுரக்க வைத்து, சேகரித்து, வடிகட்டி, கிருமி நீக்குகிறார்கள். கிடைக்கும் திரவத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மீதியில் சர்க்கரை ஒட்டிய புரதங்கள், உப்புகள், கொஞ்சம் அலன்டாயின். எந்த இனம், என்ன தீவனம், எப்படித் தூண்டினார்கள், எவ்வளவு நுண்ணிய வடிகட்டி என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றின் அளவும் மாறும். வல்லாரைக்கு அந்த நான்கு பொருட்களை அளந்து தரம் பிரிக்கலாம். நத்தைக் கோழைக்கு இதுதான் செயல்படும் பொருள், இவ்வளவு இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஏற்ற அளவுகோல் கிடையாது. என் பார்வையில் நத்தையின் பெரிய பலவீனம் இதுதான்.

சான்றுகளைப் பார்த்தால், கிரேக்கத்தில் முகத் தீக்காயங்களுக்கு நத்தைச் சாற்று க்ரீம் போட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நல்ல பலனைச் சொன்னது. மறுபடியும் காயம். முழுத் தோலில் 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது. 25 பேர், 12 வாரம். முகத்தின் ஒரு பாதிக்கு நத்தைச் சுரப்பு, மறு பாதிக்கு அது இல்லாத வெறும் பூச்சு. நல்ல வடிவமைப்புதான். கண்ணோரச் சுருக்கங்கள் குறைந்தன என்று அறிக்கை சொல்கிறது. ஆனால் அவர்கள் சோதித்தது ஸ்பெயினில் ஒரு குறிப்பிட்ட முறையில் எடுக்கப்படும், காப்புரிமை பெற்ற சுரப்பு. இன்னொரு இனத்திலிருந்து இன்னொரு பண்ணை எடுத்த கோழைக்கு அந்த முடிவு தானாக ஒட்டிக்கொள்ளாது.

உலகத்தில் அதிகம் விற்கும் நத்தைக் குப்பிகளில் ஒன்று காஸ்ஆர்எக்ஸ் நிறுவனத்தின் எசென்ஸ். பெயரிலேயே 96 இருக்கிறது. அதன் மூலப்பொருள் பட்டியல் சிறியது, பாராட்ட வேண்டிய விஷயம். முதலில் நத்தைச் சுரப்பு வடிநீர். அடுத்து பீட்டைன், பியூட்டிலீன் கிளைக்கால்: இரண்டும் ஈரத்தைப் பிடிப்பவை. பிறகு சோடியம் பாலிஅக்ரிலேட், கார்போமர்: இரண்டும் திரவத்தைக் கெட்டியாக்குபவை. சோடியம் ஹயலுரோனேட், அலன்டாயின், பாந்தெனால் ஆகியவையும் உண்டு. மீதி, கெடாமல் காப்பவையும் அமிலத்தன்மையைச் சரிசெய்யும் ஆர்ஜினைனும்.

இதை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். எரிச்சலைத் தணிப்பதில் பாந்தெனாலும் அலன்டாயினும் பல பத்தாண்டுகளாகத் தோல் மருத்துவர்களுக்குப் பழக்கமானவை. ஈரம் பிடிப்பதில் பீட்டைனும் ஹயலுரோனேட்டும் அப்படியே. நத்தையிலேயே இயற்கையாக அலன்டாயினும் ஹயலுரோனிக் அமிலமும் நிறைந்திருக்கின்றன என்பது விளம்பர வாசகம். நிறைந்திருந்தால் தனியாக ஏன் சேர்க்க வேண்டும்? தொட்டால் நூலாக இழுபடும் அந்த வழவழப்பிலும் கெட்டியாக்கிகளுக்குப் பங்கு இருக்கிறது. இதைப் போட்டுத் தோல் மென்மையானது, எரிச்சல் குறைந்தது என்று சொல்கிறவர்களை நான் நம்புகிறேன். அந்தப் பலன் நத்தையால் வந்தது என்பதை மட்டும் நம்பக் காரணம் இல்லை. நத்தை வடிநீருக்குப் பதில் வெறும் தண்ணீர் வைத்து இதே பட்டியலைத் தயாரித்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அது தெரியும். அந்த ஒப்பீடுதான் விளம்பரங்களில் காணக் கிடைப்பதில்லை. '4 வாரத்தில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் மாற்றத்தை உணர்ந்தார்கள்' என்பது போன்ற வரிகளுக்கும் இதே பதில். எந்த நல்ல மாய்ஸ்சரைசரையும் காய்ந்த தோலில் 4 வாரம் போட்டால் மாற்றம் தெரியும்.

கொரியச் சட்டத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அங்கே சுருக்கம் குறைப்பது, நிறத்தைத் தெளிவாக்குவது என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் 'செயல்பாட்டு அழகுசாதனம்' என்ற பிரிவில் வர வேண்டும். அதற்கு அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பொருட்களின் பட்டியல் உண்டு. சுருக்கத்துக்கு அடினோசின் 0.04 சதவீதம், ரெட்டினால் போன்றவை. நிறத்துக்கு நியாசினமைடு 2 முதல் 5 சதவீதம், ஆர்புடின் போன்றவை. நத்தையும் வல்லாரையும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் சுருக்கம் குறைக்கும் நத்தை க்ரீம்களின் பின்பக்கத்தில் பெரும்பாலும் அடினோசின் ஒளிந்திருக்கும். சான்றிதழ் அடினோசினுக்கு, படம் நத்தைக்கு.

நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் கோடு கிழித்திருக்கிறது. தோற்றத்தை மாற்றுவது, சுத்தம் செய்வது, அழகூட்டுவது அழகுசாதனம். நோயைக் குணமாக்குவது மருந்து. ஆகவே அழகுசாதன உரிமத்தோடு விற்கும் க்ரீம் எக்சிமாவை ஆற்றும், பருவைக் குணப்படுத்தும், வடுவை நீக்கும் என்று சொன்னால் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. விவரம் தெரிந்த நிறுவனங்கள் 'சிவப்பின் தோற்றத்தைக் குறைக்க உதவும்' என்று ஜாக்கிரதையாக எழுதும். கோட்டைத் தாண்டுவது பெரும்பாலும் பெட்டியில் இல்லை, காசு வாங்கிக்கொண்டு வீடியோ போடுகிறவர்களின் வாயில்தான்.

ஆக, எதைச் சொல்லலாம்? ஈரம் தரும், இறுக்கம் குறையும், ஷேவ் செய்த பின்போ ரெட்டினால் போட்ட பின்போ வரும் எரிச்சலுக்கு இதமாக இருக்கும் என்று இரண்டு வகை க்ரீம்களைப் பற்றியும் சொல்லலாம். பிரித்தெடுத்த வல்லாரைப் பொருட்கள் போதுமான அளவில் இருந்தால், எரிச்சல் தணிவதில் அவற்றுக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. பழைய பருத் தழும்பு நிரம்பும், தோல் புதிதாகும், வயது குறையும் என்பவற்றை இப்போதுள்ள சான்றுகள் தாங்காது.

இதம் தருவதற்காக வாங்கியதே எரிச்சலைக் கிளப்புவதும் உண்டு. வல்லாரைக்கு ஒவ்வாமை வருவது அபூர்வம். ஆனால் வல்லாரைக் களிம்பு போட்டுத் தொடுதோல் அழற்சி வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. அதைவிட அதிகம் படுத்துவது உடன் சேர்க்கும் வாசனைகள். லாவெண்டர், டீ ட்ரீ, ஆரஞ்சுத் தோல் எண்ணெய் எல்லாம் போட்டு 'மென்மையான தோலுக்கு' என்று எழுதியிருப்பார்கள். அந்த வகையை அலமாரியிலேயே விட்டுவிடுவது நல்லது. நத்தையைப் பொறுத்தவரை, வீட்டுத் தூசிச் சிற்றுண்ணிக்கு ஒவ்வாமை உள்ள சிலருக்கு நத்தையைச் சாப்பிட்டால் கடுமையான ஒவ்வாமை வருவது தெரிந்த விஷயம். பூசினாலும் அப்படி வரும் என்பது உறுதியாகவில்லை. ஆனாலும் தூசி பட்டால் தும்மலும் இழுப்பும் வருகிறவர்கள் நத்தை க்ரீமில் கூடுதல் கவனமாக இருக்கலாம், அது இல்லாவிட்டால் முகத்துக்கு எதுவும் குறைந்துவிடாது.

எந்தப் புதுக் குப்பியானாலும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். ஒரே நாள் தடவிப் பார்ப்பது போதாது. ஒவ்வாமை பல சமயம் சில நாட்கள் கழித்துத்தான் தலைகாட்டும். தடவிய உடனே சுரீரென்று எரிந்து சில நிமிடங்களில் அடங்கினால் அது பெரும்பாலும் வெறும் எரிச்சல். சில நாட்கள் கழித்து அரிப்பும் தடிப்பும் சிறு கொப்புளங்களும் வந்து, தடவாத இடத்துக்கும் பரவினால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். அந்தக் குப்பியைத் தூக்கிப் போட்டுவிடலாம், பட்டியலை மட்டும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் மருத்துவருக்கு உதவும்.

மழைக்காலத்தில் தோட்டச் சுவரில் ஊரும் நத்தையைப் பிடித்து முகத்தில் விடும் வீடியோக்களும் சுற்றுகின்றன. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெருகிவிட்ட பெரிய ஆப்பிரிக்க நத்தை, மூளை உறைக் காய்ச்சலை உண்டாக்கக்கூடிய எலி நுரையீரல் புழுவைச் சுமக்கும் இனம். அதைக் கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

கடையில் இரண்டு குப்பிகளுக்கு நடுவே நின்றால் முன்பக்க எண்ணைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். கிளிசரின், பாந்தெனால், செராமைடு இருக்கிறதா, வாசனை இல்லையா என்று பாருங்கள். இவை இருந்தால், வல்லாரைக்கும் நத்தைக்கும் என்று கூடுதலாகப் பணம் கொடுப்பது உங்கள் ஆசைக்கு மட்டுமே. சிவப்பு இரண்டு மூன்று வாரத்தில் அடங்கவில்லை, வட்டமாகப் பரவி ஓரம் மட்டும் தடித்திருக்கிறது, அல்லது நீர் கசிகிறது என்றால் அது படர்தாமரையாகவோ எக்சிமாவாகவோ இருக்கலாம். அதற்கு இன்னொரு க்ரீம் வாங்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.